எங்கள் நிலவியல் சாரின் பணி நிறைவு: முன்னாள் மாணவர்களின் கேள்விகளும் சங்கத்தின் பதில்களும்

சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஜியாலஜி சொல்லிக்கொடுத்த எங்கள் பேராசிரியர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். தன் பெயரை எங்கும் அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், இங்கேயும் அவர் எங்களுக்கு எப்போதும் இருந்தபடி ‘சார்’ மட்டும்தான். விழா பற்றி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு வந்த கேள்விகளுக்குச் செயற்குழு சார்பில் நான் எழுதும் பதில்கள் இவை.

மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் உண்டா?

சின்ன மேடை உண்டு. மாலை இரண்டு. ஒன்று சாருக்கு, இன்னொன்று ஆய்வகத்தில் கல் அறுத்தும் தேய்த்தும் கொடுத்து அவரோடு வேலை பார்த்த உதவியாளர் அண்ணனுக்கு. அவர் இல்லாமல் மேடை ஏற மாட்டேன் என்று சார் சொன்னார். அது நியாயமும்கூட. வாழ்த்துரைகள் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நாள் முழுக்க ஆய்வகத்திலும் வெளியிலும்தான்.

பேட்ச் சார்பில் தங்க மோதிரம் போடலாமா?

வேண்டாம். அரசுப் பணியில் இருப்பவர் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகளில் வரம்பு இருக்கிறது. அது ஒரு பக்கம். சாரும் கண்டிப்பாக மறுத்துவிட்டார். தர நினைக்கும் தொகையைச் சங்கத்தின் கணக்கில் போடுங்கள். கல் மாதிரிகளை வைக்கும் இழுப்பறை அலமாரிகளுக்குப் பணம் இன்னும் போதவில்லை.

அப்படியென்றால் சங்கம் சாருக்காகச் செய்வதுதான் என்ன?

அவர் மாணவர்களோடு சேர்ந்து சேர்த்த கல் மாதிரிகள் அனைத்துக்கும் எண் போட்டு, பதிவேடு எழுதி, துறையிடம் ஒப்படைக்கிறோம். கூடவே ஒவ்வொரு பேட்ச்சின் ஃபீல்டு நோட்டுகளையும் சேகரித்து, அந்தக் கல் எந்த நோட்டின் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று இணைக்கிறோம்.

இதைக் கேட்டதும் சில பேர் ஏமாற்றமாகப் பேசினார்கள். சிலை வைக்கலாமே, அரங்குக்குப் பெயர் சூட்டலாமே என்றார்கள். ஆனால் ஒரு ஜியாலஜி பேராசிரியர் ஓய்வு பெற்றதும் துறையில் முதலில் காணாமல் போவது அவருடைய கற்கள்தான். எந்தக் கல் எங்கே எடுத்தது என்பது அவர் தலைக்குள் இருக்கும். அவர் போன பிறகு அறையை ஒழிக்கும்போது, அடையாளம் தெரியாத கற்கள் சுவரோரம் குவிக்கப்பட்டு, அடுத்த கட்டட வேலையில் கான்கிரீட்டோடு போய்விடும். பல இடங்களில் இது நடந்திருக்கிறது. சார் இருக்கும்போதே, அவர் வாயால் கேட்டு எழுதிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் அவசரம்.

ஒரு கல்லுக்கு எண் போடுவதில் அப்படி என்ன பெரிய வேலை?

நீங்கள் படித்த காலத்தில் அவர் சொன்னது நினைவிருக்கும்: இடம் எழுதாத கல் வெறும் ஜல்லி. அவர் வகுப்பில் கல்லை உடைப்பதற்கு முன்பே நோட்டில் இடத்தை எழுதியிருக்க வேண்டும். உடைத்த பிறகு எழுதினால் மார்க் கிடையாது.

வேலை இப்படி நடக்கிறது. கல்லைத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைக்கிறோம். புதிதாக உடைந்த முகத்தைத் தொடாமல், வெயில் பட்டு நிறம் மாறிய பழைய முகத்தின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு வெள்ளை பெயின்ட் தீட்டுகிறோம். அது காய்ந்த பிறகு கருப்பு இந்தியன் இங்க்கால் எண். அதன் மேல் ஒரு பூச்சு வார்னிஷ். அதே எண்ணைக் காகிதத் துண்டில் எழுதிக் கல்லோடு பையில் போடுகிறோம், பதிவேட்டிலும் எழுதுகிறோம். ஆக மூன்று இடத்தில் ஒரே எண். பெயின்ட் உரிந்தாலும் காகிதம் இருக்கும், காகிதத்தைப் பூச்சி அரித்தாலும் பதிவேடு இருக்கும்.

இதெல்லாம் எளிது. சிக்கல் வருவது பதிவேட்டின் ‘இடம்’ என்ற கட்டத்தில். பழைய பைகளில் ‘கருப்பூர் பக்கம், கரடு’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. கருப்பூரைச் சுற்றி எத்தனை கரடு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த மாதிரிப் பைகளைச் சார் முன்னால் கொட்டினால், கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இது அந்த வருடம் மழையில் பள்ளம் சரிந்த இடம், இரண்டாம் வருடப் பசங்களோடு போனோம்’ என்கிறார். உடனே அந்தப் பேட்ச்சுக்கு போன் போட்டு, யாருடைய நோட்டிலாவது அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கேட்கிறோம். சாரின் நினைவை மட்டும் நம்பி நாங்கள் எழுதுவதில்லை. நோட்டு கிடைத்தால் ‘உறுதி’ என்றும், கிடைக்காவிட்டால் ‘வாய்மொழி’ என்றும் பதிவேட்டில் போடுகிறோம். இந்த வேறுபாட்டை வற்புறுத்தியதும் அவர்தான்.

ஏற்காட்டில் வாழ்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றி சார் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லியிருக்கிறார். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர், வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம் வட்டாரத்தின் பாறைகளை முதன்முதலில் முறையாக எழுதிவைத்தவர். அவர் சேர்த்த கருவிகள் இன்றும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன என்றால், ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று அவர் பட்டியல் எழுதிவைத்ததே காரணம். ஏற்காடு திரித்துவ ஆலயத்தில் இருக்கும் அவர் நினைவிடத்துக்கு நம்மில் பாதிப் பேரைச் சார் கூட்டிப் போயிருக்கிறார்.

எல்லாரிடமும் நோட்டில் கஞ்சமலைப் பயிற்சி எழுதிய பக்கத்தை மட்டும் தனியாகக் கேட்கிறீர்களே, ஏன்?

சாரிடம் படித்த எல்லாப் பேட்ச்சும் செய்த ஒரே பயிற்சி அதுதான். முதல் பேட்ச்சும் கடைசிப் பேட்ச்சும் ஒரே மலையில், ஒரே முறையில் அளந்திருக்கிறார்கள். வேறு கல்லூரிகளில் படித்தவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கஞ்சமலை சேலத்துக்கு மேற்கே, சித்தர் கோவில் இருக்கும் மலை. அதன் சரிவில் மேக்னடைட்டும் குவார்ட்சும் மாறி மாறி, கருப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும். மேக்னடைட் என்றால் காந்தத் தன்மையுள்ள இரும்புக்கல். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தியபோது தாது போனது இந்தச் சேலம் பகுதியிலிருந்துதான். இரும்புக்குப் பேர்போன மலையில் காம்பஸ் வைத்தால் முள் என்ன சொல்லும்? அதைத்தான் சார் பாடமாக்கினார். ஆனால் முன்கூட்டியே சொல்ல மாட்டார். மூன்று முளை அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு முளையிலிருந்தும் மற்ற இரண்டையும் காம்பஸில் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு பழைய நோட்டில் இருக்கும் அளவுகள் இவை. முளைகளை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். அ-விலிருந்து ஆ-வைப் பார்த்தால் 62 டிகிரி. ஆ-விலிருந்து திரும்பி அ-வைப் பார்த்தால் 249. ஒரே கோட்டை எதிர் முனையிலிருந்து பார்க்கிறோம், அதனால் இரண்டுக்கும் 180 வித்தியாசம் வர வேண்டும். 62-உம் 180-உம் 242. ஆனால் வந்திருப்பது 249. ஏழு டிகிரி எங்கிருந்தோ கூடியிருக்கிறது. தப்பு அ-விலா ஆ-விலா என்பது இந்த ஒரு கோட்டை வைத்துத் தெரியாது.

அடுத்து, அ-விலிருந்து இ 118. இ-யிலிருந்து அ 298. வித்தியாசம் சரியாக 180. எனவே அ-விலும் இ-யிலும் முள்ளை யாரும் இழுக்கவில்லை என்று கொள்ளலாம். அப்படியானால் கோளாறு ஆ-வில்தான். அங்கே எல்லா அளவும் ஏழு டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது. சோதித்துப் பார்க்க மூன்றாவது கோடு இருக்கிறது. ஆ-விலிருந்து இ-க்கு எழுதியிருப்பது 191. அதில் ஏழைக் கழித்தால் 184. இ-யிலிருந்து ஆ-வுக்கு 4, அதோடு 180 சேர்த்தால் 184. பொருந்திவிட்டது. கடைசியாக முக்கோணத்தின் உள்கோணங்களைக் கூட்டச் சொல்வார்: 56, 58, 66. மொத்தம் 180.

இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஆ-வில் ஏழு டிகிரி என்று கண்டது, அந்த முளை இருக்கும் இடத்துக்கு மட்டும்தான். இரண்டு எட்டு தள்ளி நின்றால் இழுப்பு வேறாக இருக்கும், ஏனென்றால் காலடியில் இருக்கும் இரும்புப் பட்டை அங்கே தடித்தோ மெலிந்தோ இருக்கும். முளைக்கு நேர் மேலே நிற்காமல் ‘இங்கிருந்து நல்லாத் தெரியுது சார்’ என்று நகர்ந்து நின்றவர்களின் முக்கோணம் எந்தக் கணக்கிலும் மூடவில்லை. அவர்கள் மறுபடி மலை ஏறினார்கள்.

இன்னொன்று, இழுப்பது மலையா, நம்மிடம் இருக்கும் இரும்பா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இடுப்பில் தொங்கும் சுத்தியலும் பெல்ட் பக்கிளும் போதும் முள்ளை நகர்த்த. சுத்தியலைப் பத்து எட்டு தள்ளி வைத்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும். அளவு மாறினால் குற்றவாளி சுத்தியல். மாறாவிட்டால் மலை.

பாறை அடுக்கு ஓடும் திசையான ஸ்ட்ரைக்கையும், அது சாயும் கோணமான டிப்பையும் எடுக்கும்போது இதன் விளைவு வினோதமாக இருக்கும். டிப் புவியீர்ப்பை வைத்து அளப்பது, அது சரியாகவே வரும். ஸ்ட்ரைக் காந்த முள்ளை வைத்து அளப்பது, அது மட்டும் தப்பும். கஞ்சமலையில் வடபக்க அடுக்குகள் தெற்கே சாய்ந்திருக்கும், தென்பக்க அடுக்குகள் வடக்கே சாய்ந்திருக்கும், உள்நோக்கிய மடிப்பு அது. திருத்தாத ஸ்ட்ரைக்கை வரைபடத்தில் போட்டால் அடுக்குகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும், மடிப்பே தெரியாது. அந்தக் குளறுபடியான படத்தோடு வந்து நிற்கும்போதுதான் சார் மரத்தடியிலிருந்து எழுந்து வருவார்.

இப்போதுதான் போன் இருக்கிறதே, இன்னுமா காம்பஸ்?

போனில் இருப்பதும் காந்த உணரிதான். கஞ்சமலை அதையும் அதே மாதிரி இழுக்கும். நாம் நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து எடுக்கிறது, அதற்கு மலை தடையில்லை. அதனால் கடைசி ஏழெட்டுப் பேட்ச்சுகள் முளைகளின் இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்து, அதிலிருந்து திசையைக் கணக்கிட்டு, காம்பஸ் அளவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். முளைகள் நெருக்கமாக இருந்தால் இந்த ஒப்பீடு உதவாது. போனின் இடக்குறிப்பு சில மீட்டர் பிசகும், முப்பது மீட்டர் கோட்டில் அந்தச் சில மீட்டரே பல டிகிரி ஆகிவிடும். முளைகளை முந்நூறு மீட்டருக்கு மேல் தள்ளி அடிக்கச் சொல்லி சார் பயிற்சியை மாற்றியது இதனால்தான். புதுக் கருவி வந்தபோதெல்லாம் அதையும் எதிர்முனையிலிருந்து படித்துப் பார்க்கச் சொன்னாரே தவிர, வேண்டாம் என்று சொன்னதே இல்லை.

என் நோட்டு எப்போதோ தொலைந்துவிட்டது. நான் என்ன தருவது?

உங்கள் குழுவில் யார் யார் இருந்தீர்கள், எந்த மாதம் போனீர்கள், எந்தப் பக்கம் ஏறினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பழைய ஃபோட்டோ இருந்தால் மிகவும் நல்லது. பின்னணியில் தெரியும் குவாரி விளிம்பை வைத்தே இரண்டு பைகளின் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறோம். அளவுகளை நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

அப்பாவும் நானும் இருவருமே சாரின் மாணவர்கள். இருவர் நோட்டையும் சேர்த்து வைக்கலாமா?

கட்டாயம். இப்படி ஒரு அப்பா, மகளின் நோட்டுகள் ஏற்கெனவே வந்திருக்கின்றன. இருவர் சம்மதத்தோடும் அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைக்கப்போகிறோம்.

அப்பாவின் நோட்டில் ஒரு கோட்டுக்கு முன் அளவு 75, எதிர் அளவு 255 என்று இருக்கிறது. கச்சிதமான 180. ஆனால் 255-க்கு அடியில் காகிதம் மட்டும் மெலிந்து, நார் நாராகத் தெரிகிறது. ரப்பரால் அழித்த தடம். உற்றுப் பார்த்தால் பழைய எண்ணின் கடைசி இலக்கம் 1 போல இருக்கிறது. பக்கத்தில் சாரின் சிவப்பு மையில் ‘அழித்தது ஏன்? மலை சொன்னது என்ன?’ என்று எழுதியிருக்கிறது. அப்பாவுக்குக் கணக்குச் சரியாக வர வேண்டும் என்ற அவசரம். வித்தியாசம் 180 வர வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறார், வராததை வரவைத்துவிட்டார். அதனால் அந்த முளையில் இழுப்பு எவ்வளவு என்று இன்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் எடுத்த ஸ்ட்ரைக் அளவுகளைத் திருத்தவும் வழியில்லை.

அந்தப் பேட்ச்சிலிருந்துதான் சார் பென்சிலும் ரப்பரும் வேண்டாம் என்றாராம். தப்பென்று தோன்றினால் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. புது அளவு பக்கத்தில், ஏன் மாற்றினோம் என்ற ஒரு வரியோடு.

மகள் இருபது ஆண்டுக்கு மேல் கழித்து அதே சரிவில் எழுதிய பக்கத்தில் நான்கு பத்திகள் இருக்கின்றன: படித்தது, எதிர்முனையில் படித்தது, வித்தியாசம், திருத்தியது. இரண்டாம் முளையில் வித்தியாசம் 180-இல் இல்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, ‘சுத்தியல் தள்ளி வைத்துப் படித்தும் மாறவில்லை, காலடியில் கருப்புப் பட்டை இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறார். அப்பாவின் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். அழித்த இடத்தை மறைக்க வேண்டாம் என்று அப்பாவே சொல்லி அனுப்பினார். சார் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘நான் அன்றைக்குக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்’ என்றார்.

சார் ரொம்பக் கண்டிப்பு. வாழ்த்து மலரில் அதையும் எழுதலாமா?

எழுதுங்கள். அவருக்குப் பயந்து வகுப்புக்கு வராமல் இருந்தவர்களும் உண்டு. துறை மாறிப் போனவர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், அப்படியே வெளியிடுகிறோம். புகழ்ச்சி மட்டும் போட்டால் அது அவரைப் பற்றிய மலராக இருக்காது. ஒரு நிபந்தனை: எழுதுபவர் தன் அனுபவத்தை மட்டும் எழுத வேண்டும், கேள்விப்பட்டதை அல்ல.

அந்தக் காலத்தில் மாணவிகளை ஃபீல்டுக்கு அனுப்ப மாட்டார்களாமே, உண்மையா?

தொடக்க கால பேட்ச்சுகளில் பல வீடுகளில் அனுப்பவில்லை. மாணவிகள் ஆய்வகத்தில் இருக்கும் கல்லை வைத்தே ரெக்கார்டு எழுதினார்கள். சார் இதை வாதாடி மாற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாக்களையும் சேர்த்தே கூட்டிப் போனார். அன்று வந்த ஒரு அம்மா ஓமலூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளைக்கல் குவாரியில் சின்ன வயதில் கூலி வேலை பார்த்தவர். மேக்னசைட்டையும் சுண்ணாம்புக்கல்லையும் எப்படிப் பிரிப்பது என்று சார் கேட்டபோது மாணவர்கள் ஆசிட் பாட்டிலைத் தேடினார்கள். அந்த அம்மா கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே சொன்னார், கனம் வேறு என்று. மேக்னசைட் சுண்ணாம்புக்கல்லைவிடக் கொஞ்சம் கனம்தான், ஒப்படர்த்தி கிட்டத்தட்ட 3.

பிறகு சார் ஆசிட் வைத்தும் காட்டினார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு சொட்டு பட்டதும் சுண்ணாம்புக்கல் சடசடவென்று நுரைக்கும். மேக்னசைட்டில் குளிர்ந்த அமிலம் சும்மா கிடக்கும், பொடித்துச் சூடு காட்டினால்தான் நுரை கிளம்பும். இதில் ஏமாறுவதும் சுலபம். சேலத்து மேக்னசைட்டின் விரிசல்களில் சில சமயம் கால்சைட் மெல்லிய பூச்சாக இருக்கும், சொட்டு அங்கே விழுந்தால் நுரைத்துவிடும். அதனால் ஒரே கல்லில் மூன்று இடத்தில், அதிலும் புதிதாக உடைத்த முகத்தில் சோதிக்க வேண்டும். அந்த வருடத்திலிருந்து மாணவிகள் எல்லாப் பயணத்துக்கும் வந்தார்கள். அந்த அம்மாவின் பெண் இப்போது நிலத்தடி நீர் வேலையில் இருக்கிறார், விழாவுக்கு அம்மாவோடு வருகிறார்.

நான் பேங்க் வேலைக்குப் போய்விட்டேன், கல்லே மறந்துவிட்டது. வந்தால் சங்கடமாக இருக்குமே?

வருபவர்களின் பட்டியலைப் பார்த்தால், ஜியாலஜியில் நிலைத்தவர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம். ஆசிரியர்கள், வக்கீல்கள், ஜவுளிக்கடை நடத்துபவர்கள், போலீஸில் இருப்பவர்கள். போர்வெல் தொழிலுக்குப் போன ஒருவர் அனுப்பிய குறிப்பு எனக்குப் பிடித்தது. தண்ணீர் இருக்கும் என்று ஒரு இடத்தைக் குறித்த பிறகு, தோட்டத்தின் எதிர் மூலையிலிருந்தும் நடந்து வந்து, அதே பாறை விரிசல் அதே இடத்தில் வெட்டுகிறதா என்று பார்ப்பாராம். பொருந்தாவிட்டால் அன்றைக்குத் துளை போட மாட்டாராம், தோட்டக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும். நீங்களும் உங்கள் வேலையில் இப்படி ஏதாவது செய்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அதையே மலருக்கு எழுதி அனுப்பலாம்.

ஆய்வகத்தில் என்ன பார்க்கலாம்?

தின் செக்‌ஷன் பெட்டிகளைத் திறந்து வைக்கிறோம். கல்லை மெல்லிய சில்லாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, கார்போரண்டம் பொடியில் தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது. அளவு வந்துவிட்டதா என்று பார்க்க அளவுகோல் உதவாது, குவார்ட்ஸின் நிறம்தான் உதவும். மைக்ரோஸ்கோப்பில் இரண்டு போலராய்டும் குறுக்காக இருக்கும்போது குவார்ட்ஸ் மஞ்சளாகத் தெரிந்தால் சில்லு இன்னும் தடிமன். சாம்பலும் வெள்ளையுமாக வந்தால் நிறுத்திவிடலாம். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் ஓரத்திலிருந்து கரைந்து, கடைசியில் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். நாம் கெடுத்த சில்லுகளையும் உதவியாளர் அண்ணன் ஒரு தனிப் பெட்டியில், நம் பெயரோடு, பத்திரமாக வைத்திருக்கிறார். உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஏற்காட்டுக்கும் போகிறோமா?

ஆமாம், மறுநாள் காலை. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதுகாப்பாக வண்டி நிறுத்த முடிகிற இடங்களில் மட்டும் இறங்குவோம். வழியெல்லாம் சார்னோக்கைட். உடைத்தால் எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சைச் சாம்பல் நிறத்தில் இருக்கும், வெளியில் கிடந்து மாறிய தோல் பழுப்பாக இருக்கும். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்த வகைப் பாறைதான் என்பதால் 1893-இல் நிலவியலாளர் ஹாலண்ட் வைத்த பெயர் அது. இந்தப் பாறை சேர்வராயன் உச்சியில் நெடுங்காலம் மழையில் ஊறி, மற்றதெல்லாம் கரைந்துபோக, அலுமினியம் மிஞ்சிச் செம்மண் நிறத்தில் பாக்சைட்டாக நிற்கிறது. பாறையும் அதிலிருந்து வந்த பாக்சைட்டும் ஒரே இடத்தில் படிப்படியாகத் தெரியும் ஒரு வெட்டுமுகத்தைச் சார் காட்டுவார். சாலையோரத்திலும் வனப்பகுதியிலும் கல் உடைக்க அனுமதி இல்லை, சுத்தியல் கொண்டுவர வேண்டாம். லென்ஸ் போதும். வயதானவர்களுக்குத் தனி வேன் இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கிறேன். விழாவுக்கு வர முடியாது.

கஞ்சமலை பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஓரம் வெட்டாமல், பக்க எண்ணும் தேதியும் தெரியும்படி, நிழல் விழாமல். சிவப்பு மைக் குறிப்புகள் தெளிவாகத் தெரிய வண்ணத்தில் எடுக்க வேண்டும். நோட்டை அனுப்பிவைத்தால் திருப்பித் தந்துவிடுவோம்.

ஓய்வு பெற்ற பிறகு சார் என்ன செய்யப்போகிறார்?

‘வாய்மொழி’ என்று குறித்த மாதிரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப் போகிறார். வாரத்தில் ஒரு நாள் துறைக்கு வர முதல்வர் அனுமதி கொடுத்திருக்கிறார். எடுத்த இடத்துக்கே மறுபடி போக வேண்டிய கற்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் மேச்சேரி, சங்ககிரி, நாமக்கல் பக்கத்து இடங்களும் வருகின்றன. கார் வைத்திருப்பவர்களும், வெயிலில் நடக்கத் தயாராக இருப்பவர்களும் பெயர் கொடுங்கள். ஒரு பயணத்துக்கு நான்கு பேர் போதும். நோட்டும் பேனாவும் அவரவர் கொண்டுவர வேண்டும், ரப்பர் வேண்டாம்.